ஆயிரமாவது பௌர்ணமிக்கு ஒரு ஜோடி காப்பு

அன்னாபிஷேகம் முடிஞ்ச பிறகு, "அன்னைக்கு மண்டபத்துல உங்க அம்மா ஏன் அழுதாங்க?"ன்னு கோயில்ல பல பேர் கேட்டுட்டீங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்ல முடியல. அதனால் நாங்கள் நாலு பேரும் பேசி, நடந்ததை இங்கேயே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நாங்கள் நாலு பேர். அக்கா கிள்ளானில். இரண்டாவது ஆள் ஈப்போ புந்தோங்கில், அம்மாவோடு. தம்பி ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை. கடைசித் தங்கச்சி பினாங்கில். அப்பா காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மாவின் ஐசியில் பிறந்த வருஷம் 1946 என்று இருக்கு. அந்தக் கணக்குப்படி 2026-ல் அம்மாவுக்கு எண்பது, அப்ப பெருசா செய்யலாம், இன்னும் நேரம் இருக்கு என்று நிம்மதியாக இருந்தோம்.

2024 ஜனவரி 25, தைப்பூசம். குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் குழு தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தது. மோர் ஊத்திக்கிட்டு இருந்தப்ப, சுங்கை சிப்புட்டில் அம்மா இருந்த அதே லயத்தில் வளர்ந்த ஒரு பெரியம்மா வந்து நின்னாங்க. மோரை வாங்கிக் குடிச்சுட்டு, "உங்கம்மாவுக்கு இன்னைக்கு எண்பது முடியுதே, ஒன்னும் செய்யலையாடா?"ன்னு கேட்டாங்க. "இல்ல பெரியம்மா, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு"ன்னு சொன்னோம். அவங்க சிரிச்சாங்க. "ஐசி கிராணி எழுதுனது. பிள்ளைய பெத்தவ நான் சொல்றதுல நின்னா. உங்க பாட்டி சாமி படத்துக்குப் பின்னால எழுதி வச்சிருப்பா, போய்ப் பாரு."

அன்று ராத்திரியே பாட்டியின் பழைய முருகன் படத்தைக் கழற்றினோம். தோட்டத்தில் இருந்து வந்ததில் மிச்சம் இருப்பது அந்தப் படம்தான். பின்பலகையை எடுத்தால், மடித்த ஒரு தாள். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரையோ எழுதச் சொல்லியிருக்காங்க. "சுபானு வருஷம், தைப்பூசத்தன்று காலை, பெண் குழந்தை." அவ்வளவுதான் இருந்தது.

சுபானு வருஷம் என்பது 1943 ஏப்ரலில் தொடங்கி 1944 ஏப்ரலில் முடிந்தது. ஆக, அந்தத் தைப்பூசம் 1944-ல் வந்தது. ஜப்பான்காரன் காலம். தாத்தாவை சயாம் ரயில் போடக் கொண்டு போயிருந்தாங்க. 1943 அக்டோபரில் தண்டவாளம் முடிந்தும் ஆள் திரும்பி வரவில்லை. பாட்டி தனியா பிள்ளையைப் பெத்தாங்க. வெள்ளைக்காரன் திரும்ப வந்த பிறகு, யாரோ சொல்லி, பதிவு செய்யப் போனப்ப தேதி கேட்டிருக்காங்க. தமிழ் வருஷம் சொன்னதை யாரும் கணக்குப் பண்ணல. கைக்கு வந்த வருஷத்தை எழுதிட்டாங்க. அதனால் அம்மாவுக்கு ஊழியர் சேமநிதிக் காசு கூட ரெண்டு வருஷம் தாமதமாகத்தான் கிடைத்தது. அதெல்லாம் தெரிஞ்சும் அம்மா ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

எண்பது தைப்பூசத்தோடு முடிந்துவிட்டது, நாங்கள் தவறவிட்டுட்டோம் என்று அக்கா போனில் அழுதாங்க. மறுநாள் கோயில் குருக்களிடம் போய்ச் சொன்னோம். அவர் அமைதியாகக் கேட்டுட்டு, "எண்பது நிறைஞ்சா மட்டும் போதாது, ஆயிரம் பிறை கண்டிருக்கணும். அது இன்னும் முடியல. போய்க் கணக்குப் போட்டுப் பாருங்க"ன்னு அனுப்பிட்டார்.

இந்தக் கணக்கில்தான் முதல் தப்பு செய்தோம். வருஷத்துக்குப் பன்னிரண்டு பௌர்ணமி, எண்பது வருஷத்துக்கு 960. இன்னும் நாற்பது பாக்கி, ஆயிரத்துக்கு மூணு வருஷத்துக்கு மேல ஆகும்னு தம்பி எழுதினான். எல்லோரும் சரின்னு விட்டுட்டோம். தங்கச்சிதான் விடல. அவ கணக்கு டீச்சர். "பன்னிரண்டு பௌர்ணமிக்கு 354 நாள்தான் ஆகுது. வருஷத்துக்கு பதினோரு நாள் மிச்சம் விழுது. அந்த மிச்சம் சேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள ஒரு பௌர்ணமி கூடிடும்"னு சொன்னா.

அவள் சொல்லிக் கொடுத்த வழி எளிமையானது, உங்களுக்கும் உதவும். பத்தொன்பது வருஷத்துக்குச் சரியாக 235 பௌர்ணமி வரும். பத்தொன்பது வருஷம் கழித்து அதே தேதிக்கோ ஒரு நாள் முன்பின்னாகவோ பௌர்ணமி மறுபடி வந்து நிற்கும். நாலு பத்தொன்பது 76 வருஷம், அதற்கு 940 பௌர்ணமி. அம்மா பிறந்த தைப்பூசம் 1944 பிப்ரவரி 8, மறுநாள் 9-ஆம் தேதி பௌர்ணமி. அதுதான் அம்மா கண்ட முதல் பௌர்ணமி. 76 வருஷம் தள்ளி 2020-ஐப் பார்த்தால், தைப்பூசம் அதே பிப்ரவரி 8, பௌர்ணமி அதே 9. பழைய காலண்டரைத் தேடி எடுத்துப் பார்த்தோம், அப்படியே இருந்தது. எங்களுக்கு மேல் சிலிர்த்துப் போச்சு.

ஆக 2020 பிப்ரவரி 9 வந்தது 941-ஆவது பௌர்ணமி. அதற்குப் பிறகு காலண்டரில் விரல் வைத்தே எண்ணினோம். 2020-ல் மிச்சம் பதினொன்று, ஏன்னா அந்த வருஷம் அக்டோபரில் ரெண்டு பௌர்ணமி. 952. 2021-ல் பன்னிரண்டு, 964. 2022-ல் பன்னிரண்டு, 976. 2023-ல் பதின்மூன்று, ஆகஸ்டில் ரெண்டு வந்தது, 989. 2024-ல் பதினோராவது பௌர்ணமி, நவம்பர் மாசம் வருவது, ஆயிரம். எண்பது வயசும் ஒன்பது மாசமும். குருக்களிடம் காட்டினோம். பஞ்சாங்கத்தைப் புரட்டி, "நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. ஐப்பசிப் பௌர்ணமி. அன்னாபிஷேகம்டா!"ன்னார். கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வரல.

அடுத்து என்ன செய்வது என்ற பேச்சு. சதாபிஷேகம் பொதுவா தம்பதியா உட்கார்ந்து செய்கிறது. அப்பா இல்லை. "கும்பத்துல உங்க அப்பா பக்கத்துல இல்லாம நான் எப்படிடா உட்காருவேன்"ன்னு அம்மா சொல்லுவாங்கன்னு எங்களுக்குத் தெரியும். அதனால் மேடை, மாலை எதுவும் வேண்டாம். அன்னைக்கு அன்னாபிஷேக உபயத்தை அம்மா பேரில் எடுப்பது, அவங்களுக்கே தெரியாமல் ஒரு பொருள் கையில் கொடுப்பது என்று முடிவானது.

என்ன பொருள் என்பதில் சண்டையே இல்லை. அம்மாவுக்குக் கல்யாணத்தில் போட்ட ஒரு ஜோடி தங்கக் காப்பு இருந்தது. 1987-ல் அக்கா காலேஜில் சேர்ந்தப்ப அது அடகுக்கடைக்குப் போச்சு. மாசத்துக்கு நூத்துக்கு ரெண்டு வட்டி, ஆறு மாசக் கெடு. ரெண்டு தடவை வட்டி மட்டும் கட்டிக் கெடுவை நீட்டினாங்க. மூணாவது தடவை மழைக்காலம், வெட்டு நின்னு போச்சு, பால் இல்லை, சம்பளம் இல்லை. காப்பு முழுகிடுச்சு. அதற்குப் பிறகு அம்மா கையில் கண்ணாடி வளையல்தான். அப்பா போன பிறகு அதுவும் இல்லை.

"தாலி எடுத்தவங்களுக்கு காப்பு எதுக்கு, நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"ன்னு சொந்தத்தில் ஒருத்தங்க கேட்டாங்க. அக்கா ஒரே வார்த்தையில் முடிச்சாங்க: "அது அப்பா வாங்கித் தந்தது இல்ல, பாட்டி போட்டது. என் படிப்புக்காகப் போனது. திரும்ப வரணும்."

வாட்சப் குரூப் தொடங்கினோம். தம்பி அவசரத்தில் "அம்மா இல்லாத குரூப்" என்று பேர் வைத்துவிட்டான். அக்கா பார்த்ததும் அபசகுனம்னு கத்துன கத்து கிள்ளானில் இருந்து ஜொகூருக்கு நேராவே கேட்டிருக்கும். உடனே "அன்னாபிஷேகக் கமிட்டி" என்று மாற்றினோம். அது நல்லதாப் போச்சு. அம்மா எதிரிலேயே போன் வந்தாலும் "கோயில் வேலைம்மா"ன்னு சொல்லிடலாம், பொய்யும் இல்லை.

பிரச்சினை காசில் வந்தது. பழைய கல்யாண போட்டோவைப் பார்த்து, காப்பு ஒன்று ஒன்றரைப் பவுன், அதாவது பன்னிரண்டு கிராம், ஜோடிக்கு 24 கிராம் என்று முடிவு செய்தோம். அந்த வருஷம் பொன் விலை ஏறிக்கிட்டே இருந்தது. தம்பி, "சிங்கப்பூர் காசு, நானே முழுசாப் போட்டுடறேன், யாரும் கவலைப்படாதீங்க"ன்னு எழுதினான். நல்ல மனசோடுதான் எழுதினான். ஆனா அன்று இரவிலிருந்து தங்கச்சி குரூப்பில் பேசுவதை நிறுத்திட்டா. அவ வீட்டில் அப்ப ஒரு சம்பளம்தான், மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லாம இருந்தார். அவளால் சமபங்கு போட முடியாது, போடாமலும் இருக்க முடியாது. மூணு நாள் குரூப்பே அமைதி.

வழி சொன்னது லிட்டில் இந்தியா பக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு வயசான பத்தர். "காசாப் பிரிச்சா பங்கு தெரியும். தங்கமாக் கொண்டு வாங்க. வீட்டுல உடைஞ்சது, ஒத்தையா நிக்கிறது, போடாம வச்சிருக்கிறது எது இருந்தாலும் கவர்ல போட்டு ஒட்டிக் கொடுங்க. நான் எல்லாத்தையும் ஒன்னாக் கொட்டி ஒரே தடவை நிறுப்பேன். யாரு எவ்வளவுன்னு எனக்கும் வேணாம், உங்களுக்கும் வேணாம்"னார்.

அப்படியே செய்தோம். நாலு ஊரில் இருந்து நாலு கவர். தபாலில் அனுப்ப மனசு வரல. தீபாவளிக்கு முன்னாடி ஒருத்தர் ஒருத்தரா ஈப்போ வந்து போனப்ப கையில் கொடுத்தாங்க. பத்தர் தட்டில் கொட்டினார். அறுந்த சங்கிலி, ஒத்தைத் தோடு, கல் விழுந்த மோதிரம், குழந்தைக் காதில் போடுகிற ரெண்டு சின்னக் கடுக்கன். மொத்தம் 21 கிராமுக்குக் கொஞ்சம் மேல். கல்லையும் அரக்கையும் எடுத்த பிறகு இருபதுக்குக் கீழே வந்தது. உருக்கினால் பற்றாசு, அழுக்கு போக இன்னும் குறையும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கையில் கொடுத்த எடை வேற, உருக்கி எடுத்த எடை வேற. இது தெரியாமல்தான் பல பேர் பத்தரோடு சண்டை போடுறாங்க.

இன்னொன்றும் காட்டினார். கடுக்கனின் முத்திரையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் 835 என்று இருந்தது. மற்றது எல்லாம் 916. அந்தக் காலத்தில் நம்ம ஊரில் 835 தங்கம் நிறையப் புழங்கியது. ரெண்டையும் ஒன்னா உருக்கினால் மாற்று குறையும், 916 முத்திரை போட முடியாது. ஒன்று அந்தக் கடுக்கனைத் தனியா வைக்கணும், இல்லை சுத்தத் தங்கம், 999, சேர்த்து மாற்றை மேலே தூக்கணும். "தனியா வைக்க வேணாம், அதுவும் போகட்டும்"னு சொன்னோம். அந்தக் கடுக்கன் யாருடையது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. தங்கச்சிக்குக் காது குத்தினப்ப அம்மா போட்டது. அவள் கவரில் அது மட்டும்தான் இருந்திருக்கணும். குறைந்த எடைக்கும் கூலிக்கும் சேதாரத்துக்கும் யாரோ ஒருத்தர் பணம் கட்டியிருக்காங்க. யாருன்னு இன்னைக்கு வரைக்கும் நாங்கள் பேசிக்கல.

அளவு எடுத்ததிலும் ஒரு கூத்து. அம்மாவுக்குத் தெரியாமல் எடுக்கணும். பீரோவில் இருந்த பழைய கண்ணாடி வளையலைத் தம்பி ஸ்கேல் வைத்து அளந்து, ரெண்டரை அங்குலம், அதாவது 2-8 அளவு என்று அனுப்பினான். பத்தர் அந்த வளையலையே கொண்டு வரச் சொல்லி, அளவுக் கம்பில் மாட்டினார். அது 2-6-ல் நின்றது. தம்பி வெளிவட்டத்தை அளந்திருக்கான். வளையல் அளவு என்றால் உள்வட்டம்தான். முதல் எண் அங்குலம், ரெண்டாவது எண் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்காக எத்தனை என்று. 2-6 என்றால் ரெண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும்.

அதோடு விடவில்லை அவர். "இந்த வளையல் எத்தனை வருஷத்துக்கு முந்தினது? இப்ப கை எப்படி இருக்கு?"ன்னு கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல பால்வெட்டு உளி பிடிச்ச கை. விரல் முட்டி எல்லாம் வீங்கியிருக்கு, மணிக்கட்டு மட்டும் மெலிஞ்சு போச்சு. முட்டியைத் தாண்டுகிற அளவுக்குச் செய்தால், மணிக்கட்டில் லொடலொடன்னு கழன்று விழும். மணிக்கட்டுக்குச் செய்தால் உள்ளேயே ஏறாது. சோப்பு போட்டு ஏற்றினால் வயசானவங்க தோல் உரிஞ்சிடும். அதனால் திருகு வைத்து, நடுவில் திறந்து மூடுகிற மாதிரிச் செய்யச் சொன்னார். மணிக்கட்டு அளவுக்கு 2-4 போதும். அதை எடுக்க, தங்கச்சி ஒரு நாள் அம்மா கையில் கயிறு கட்டிவிடுகிற சாக்கில் நூலைச் சுற்றிப் பார்த்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தா.

நவம்பர் 15. அம்மாவிடம் அக்காவும் தங்கச்சியும் வரமுடியாதுன்னு சொல்லியிருந்தாங்க. தம்பி லீவே கிடைக்கலன்னு சொல்லியிருந்தான். அம்மா எப்பவும் போல மத்தியானமே கோயிலுக்கு வந்து, முறம் வாங்கி அரிசி புடைச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. வெந்த சாதத்தை உப்புப் போடாமல் பாயில் பரப்பி ஆறவைத்தோம். சாயங்காலம் லிங்கத்துக்கு அன்னம் சாத்தி, காய்கறியும் அப்பளமும் வைத்து அலங்காரம் முடிந்தது. அப்ப நல்ல மழை. நவம்பர் மாசம் ஈப்போவில் வேற என்ன எதிர்பார்ப்பது?

சங்கல்பத்தில் குருக்கள் உபயதாரர் பேரைச் சொன்னார். அம்மா பேர், பூச நட்சத்திரம், கடக ராசி. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாங்க. வேற யாரோ அதே பேரில் இருக்காங்கன்னு நினைச்சிருப்பாங்க. அடுத்து எங்கள் நாலு பேர் பேரும் ஒவ்வொன்றாக வந்தது. பின்னால் திரும்பினால் அக்கா நிக்கிறாங்க, தங்கச்சி நிக்கிறா. தம்பி அப்பதான் நனைஞ்சுபோய் உள்ளே வந்தான். காலையில் பாலத்து நெரிசலிலேயே மூணு மணி நேரம் போயிருக்கு அவனுக்கு.

"எதுக்குடா இதெல்லாம்?"ன்னு அம்மா கேட்டப்ப, தங்கச்சி பாட்டி எழுதி வச்ச தாளைக் காட்டி, "இன்னைக்கு உங்களுக்கு ஆயிரமாவது பௌர்ணமிம்மா"ன்னு சொன்னா. அம்மா வெளியே மழையைப் பார்த்துட்டு, "நிலாவே தெரியலையே, கணக்குல சேருமா?"ன்னாங்க. மண்டபமே சிரிச்சது. குருக்கள், "திதி நாளைக்கு விடிகாலை அஞ்சரை வரைக்கும் இருக்கும்மா, அவசரம் இல்ல"ன்னார்.

காப்பை எடுத்து நீட்டினோம். அம்மா உடனே கையை நீட்டல. கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "நான் போடலாமா?"ன்னு எங்களைக் கேட்கல, குருக்களைக் கேட்டாங்க. அவர், "அம்மா போட்டது அம்மாகிட்டயே வருது, போட்டுக்கோங்க"ன்னு சொன்னார். அக்காதான் திருகைத் திறந்து மாட்டிவிட்டாங்க. மாட்டி முடிச்சதும் அம்மா அக்கா தலையில் கை வச்சு அழுதாங்க. நீங்க பார்த்தது அதுதான். 1987-ல் அந்தக் காப்பைக் கழற்றினப்ப, கூடப் போனது அக்கா மட்டும்தான் என்று எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பூஜை முடிஞ்சு, லிங்கத்து மேல சாத்தின அன்னத்தை நீரில் கரைத்துவிட்டு, மிச்ச அன்னத்தில் தயிர் கலந்து எல்லோருக்கும் கொடுத்தோம். அம்மாதான் முதல் கைப்பிடி வைத்தாங்க, காப்போடு.

பிறகு வீட்டுக்கு வந்து, "உங்களுக்குத் தெரியாதுல்லம்மா?"ன்னு கேட்டோம். "நூலு சுத்துறப்பவே தெரியும். கயிறு கட்டுறதுக்கு யாராவது முடிச்சுப் போட்டு எடுத்துட்டுப் போவாங்களா?"ன்னு சொன்னாங்க. அன்னாபிஷேகமும் ஆயிரம் பௌர்ணமியும்தான் தெரியாதாம்.

கடைசியா ஒரு விஷயம். உங்க வீட்டுப் பெரியவங்க தோட்டத்தில் பிறந்தவங்களா இருந்தா, ஐசி தேதியை மட்டும் நம்பாதீங்க. தமிழ் வருஷமும் நட்சத்திரமும் யாருக்காவது ஞாபகம் இருக்கும், சாமி படத்துக்குப் பின்னாலயும் பாருங்க. தெரிஞ்சா கோயிலுக்குக் கொண்டு வாங்க, தங்கச்சி சொன்ன கணக்கில் நாங்கள் உட்கார்ந்து எண்ணித் தருகிறோம்.

மறுநாள் காலையில் எல்லோரும் கிளம்பின பிறகு பார்த்தால், முருகன் படம் கொஞ்சம் கோணலா இருந்தது. நேராக்கப் போனோம். பின்பலகைக்குள் பாட்டியின் தாளோடு, பத்தர் கொடுத்த ரசீதும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஓம் நமசிவாய.